விடியும் முன் மல்லி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தைப்பூசம் வருகிறது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அதற்கு முந்தின இரவும் நெருக்கியடிக்கும். பொங்கலுக்கு அங்கே எங்கள் அம்மாவை ஏமாற்றிய விதம் மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அம்மா பல வருஷமாகக் கோயில் வாசலில் பூக் கட்டி விற்கிறவர். பூவைத் தொட்டே வயசைச் சொல்லிவிடுவார். அவரையே ஏமாற்ற முடிகிறது என்றால், வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூ வாங்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

போகிக்கு முந்தின இரவு. நாங்கள் மார்க்கெட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டு இருக்கும். நல்ல பனி. அம்மா தினமும் வாங்கும் கமிஷன் கடையில் அவருக்குப் பற்று உண்டு. காலையில் பூ எடுத்தால் விற்று முடித்து மாலையில் பணம் கொடுப்பார். ஆனால் அன்று அந்தக் கடையில் மல்லி மூட்டை ஒன்றுகூட இல்லை. வெளியூர் வியாபாரிகள் முந்தின நாள் மாலையே வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மார்கழி, தையில் பனி விழுந்தாலே மல்லிச் செடியில் மொட்டு குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பொங்கலும் முகூர்த்தமும் வரும். விலை ஏறுவதில் ஆச்சரியம் இல்லை.

கடைக்காரர் நேர்மையாகவே சொன்னார். “அக்கா, அஞ்சு மணிக்கு வாங்க. உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ வந்துரும். இப்ப மார்க்கெட்ல கிடக்கற எதையும் நான் உங்களுக்கு நல்ல பூன்னு சொல்ல மாட்டேன்.”

அம்மாவுக்குக் காத்திருக்க நேரமில்லை. எட்டு மணிக்குள் கட்டிக் கொடுப்பதாக வாடிக்கை வீடுகளில் சொல்லி வைத்திருந்தார். மூன்று கிலோ பூவை இரண்டு பேர் உட்கார்ந்து கட்ட எவ்வளவு நேரமாகும் என்பது கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் வெளிப்பக்கம் நடந்தோம்.

அங்கேதான் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். கடை எண் கிடையாது, பலகை கிடையாது. பூட்டியிருந்த ஒரு கடையின் முன்னால் தார்ப்பாய் விரித்து, ஐந்தாறு சாக்கு, ஒரு எலக்ட்ரானிக் தராசு. பண்டிகை இரவுகளில் மட்டும் இப்படிச் சிலர் வருவார்கள். விவசாயியிடம் நேராக வாங்குகிறவர்கள் இல்லை, கைமாற்றி விற்கிறவர்கள்.

“வாங்க தாயி, பச்சை மொட்டு. இப்பத்தான் வண்டியில இறங்குச்சு. கிலோ ரெண்டாயிரத்து நானூறு. விடிஞ்சா மூவாயிரம் போயிரும்.”

சாக்கின் வாயைப் பிரித்துக் காட்டினார். மேலே இருந்தது அருமையான பூ. பால் வெள்ளை, உருண்டை மொட்டு, பச்சைக் காம்பு. அம்மா கையை உள்ளே விடப் போனார். “மொட்டு நசுங்கிரும் தாயி, பண்டிகைப் பூ” என்று சாக்கைச் சுருட்டிக் கட்டிவிட்டார். பின்னால் நாலைந்து பேர் “சீக்கிரம், சீக்கிரம்” என்று நெருக்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வாங்க வந்தவர்கள் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம். கட்டிய சாக்கை அப்படியே தராசில் வைத்தார். மூன்று கிலோ 150 கிராம். “சாக்குக்கு 150 விட்டாச்சு, மூணு கிலோ காசு குடுங்க.” 7,200 ரூபாய், ரொக்கம். துண்டுச் சீட்டு கேட்டதற்கு, “சீட்டு எழுத இப்ப நேரமா தாயி?” என்றார்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் பழைய பருத்தி வேட்டியை விரித்தோம். கொட்டும் முன் அம்மா எங்கள் தராசில் சாக்கோடு வைத்தார். மூன்று கிலோ 20 கிராம்தான் காட்டியது. 130 கிராம் அவருடைய தராசிலேயே போயிருக்கிறது. பூவைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கை நிறுத்தோம். உள்ளே தொப்பலாக நனைந்த துணி ஒன்றைச் சுற்றி வைத்திருந்ததால் 280 கிராம். ஆக, பூ இரண்டு கிலோ 740. அதிலும் தண்ணீர். வேட்டியில் பரப்பி, ஈரத்தைத் துணி இழுத்த பிறகு மறுபடி நிறுத்தபோது இரண்டு கிலோ 460 தான் நின்றது.

எடை போனதைவிட அம்மாவை உட்காரவைத்தது அடியில் இருந்த பூ. கையில் எடுத்தபோது பனிக் குளிர்ச்சி இல்லை, ஐஸ் குளிர்ச்சி. காம்பு பழுப்பேறியிருந்தது. மொட்டின் நுனியில் லேசாக மஞ்சள். நாரை வைத்து முடிச்சை இழுத்தால், பூ காம்பிலிருந்து கழன்று மடியில் விழுகிறது. புதுப் பூ அப்படி விழாது. எவ்வளவு இறுக்கினாலும் காம்பு பிடித்துக்கொள்ளும். அம்மா பத்துப் பூ எடுத்தால் மூன்று நான்கு இப்படிப் போனது. இடையிடையே காக்கடாவும் கலந்திருந்தது. மல்லியைவிட மெலிந்து, நுனி கூராக இருக்கும், விலையும் குறைவு. இரவு பல்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும்.

மல்லியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் இந்த மோசடி முழுவதும் விளங்கிவிடும். இன்று மாலை மலர வேண்டிய மொட்டை இன்று விடியற்காலையில் பறிப்பார்கள். முன் இரவில் அது முற்றி வெள்ளையாகத் திரண்டிருக்கும். வெயில் ஏறும் முன் பறித்தால்தான் மாலை வரை மொட்டாக நிற்கும். பண்டிகை நாளில் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கே தோட்டத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. அப்படிப் பறித்த பூவும் மார்க்கெட்டுக்கு வந்து சேர ஐந்து ஆகிவிடும். அப்படியிருக்க, இரண்டு மணிக்கு “இப்பத்தான் இறங்குச்சு” என்று ஒருவர் சொன்னால் வண்டி இப்போது வந்திருக்கலாம், பூ இன்றைய பூவாக இருக்க முடியாது. நேற்றுக் காலையில் பறித்து, நேற்று மாலையே மலர்ந்திருக்க வேண்டிய மொட்டு அது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து மலராமல் நிறுத்தியிருக்கிறார்கள்.

பெட்டியில் வைப்பது தப்பில்லை. வெளியூருக்குப் போகிற பூவெல்லாம் ஐஸில்தான் போகிறது. நேற்றைய பூ என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் வேண்டுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். காலையில் கட்டி உடனே தலையில் வைக்கிற வேலைக்கு அது போதும். ஆனால் எங்கள் அம்மா மாதிரி, காலையில் கட்டி, இரவு வரை கூடையில் வைத்து விற்கிறவர்களுக்கு அது ஆகாது. ஐஸை விட்டு வெளியே வந்ததும் அடக்கி வைத்த மொட்டு அவசரமாக வாயைத் திறக்கும். எங்கள் கூடையில் பதினோரு மணிக்கே பாதிச் சரம் மலர்ந்து ஓரம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் பொங்கல் வைக்கும்போது சாமிக்குச் சாத்த வாங்க வருகிற பெண்கள் அந்தச் சரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். பத்து வருஷமாக வாங்கும் ஓர் அக்கா, “என்னம்மா, நீயே இப்படிப் பூ கொண்டுவந்தா நாங்க யார்ட்ட வாங்குறது?” என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் அவரை வதைத்தது.

கழித்துப் போட்டது 550 கிராம். கட்ட முடிந்தது ஒரு கிலோ 910. கொடுத்த காசை வைத்துக் கணக்குப் போட்டால் கிலோ 3,700-க்கு மேல் விழுகிறது. விடிந்ததும் வழக்கமான கடையில் புதுப் பூ 2,800-க்குக் கிடைத்ததாகப் பிறகு தெரிந்தது.

மறுநாள் அதே இடத்துக்குப் போனேன். தார்ப்பாயும் இல்லை, ஆளும் இல்லை. பக்கத்துக் கடையில் கேட்டால், “அவரு யாருன்னே தெரியாது, நைட்டு மட்டும் வந்து உக்காந்தாரு” என்கிறார்கள். சீட்டு இல்லாததால் மேற்கொண்டு பேச வழியில்லை.

அதனால் தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். விடியும் முன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், சாக்கைத் தரையில் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். மொட்டு நசுங்கும் என்பதெல்லாம் சாக்குப்போக்கு. கமிஷன் கடைகளில் நாள் முழுக்கக் கொட்டித்தான் நிறுக்கிறார்கள். கொட்ட மறுத்தால் அடியில் என்ன இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். கொட்டினால், அடிப் பூவில் ஒரு கை அள்ளி லேசாக மூடித் திறந்து பாருங்கள். நல்ல மொட்டு விறைப்பாக உதிர்ந்து விழும். தண்ணீர் தெளித்தது உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். வாசனையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், மலராத மொட்டு புதுசானாலும் பழசானாலும் அந்த நேரத்தில் வாசம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு பூவைக் காம்பைப் பிடித்துச் சுண்டுங்கள், தலை கழன்றால் நேற்றையது.

தராசில் முதலில் வெறும் சாக்கை வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூஜ்யம் காட்டச் சொல்லுங்கள். எடையளவு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு, எடைக் குறைவுப் புகாரும் அங்கேதான் போக வேண்டும். ஆனால் கடை எண்ணும் சீட்டும் இல்லாமல் யார் மேல் புகார் கொடுப்பது? ஆகவே எண் இல்லாத இடத்தில் பெரிய தொகைக்கு வாங்காதீர்கள்.

எங்கள் வழக்கமான கடைக்காரரிடம் அம்மா பேசிவிட்டார். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே அளவைச் சொல்லிக் கொஞ்சம் முன்பணம் கொடுத்தால், விடியற்காலையில் வரும் முதல் வரத்தில் எடுத்து வைத்துவிடுவாராம். விலை மட்டும் அன்றைய விலை. கோயில் வாசலில் அம்மாவோடு உட்காரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொள்கிறார்கள். தைப்பூசத்துக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு கிலோ சொல்லியாயிற்று. வாடிக்கை வீடுகளுக்கும் இந்த முறை பூ பத்து மணிக்குத்தான் வரும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.