பயோஃபீட்பேக்கும் சி.பி.டி.யும்: ஒரு தலைவலிக்காரனின் ஒன்றரை வருடக் கணக்கு

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தலை வலித்தால் அது நாள்பட்ட தலைவலி. எனக்கு 20 நாளைத் தாண்டும். நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி வலி. ஸ்கேன் சுத்தம். நரம்பியல் மருத்துவர் இந்தச் சிகிச்சைக்கு அனுப்பியபோது, 'மனசுலதான் கோளாறுன்னு சொல்ல வர்றாங்க' என்று கோபம்தான் வந்தது.

முதல் நாளே மெஷினில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்துப் போனேன். கையில் கொடுத்தது ஒரு நோட்டு. வலி தொடங்கிய நேரம், பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை என்று நான்கு வாரம் எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் 18 நாள் வலி மாத்திரை போட்டிருக்கிறேன். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்குப் போடும் டிரிப்டான் வகை அல்லது கலவை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்தப் பயிற்சியும் சரியாக ஒட்டாது. மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்த முதல் இரண்டு வாரம் நரகம்.

அப்புறம் வாரம் ஒன்றாகப் பத்து அமர்வுகள். பாதி நேரம் பயோஃபீட்பேக், பாதி நேரம் சி.பி.டி. என்கிற சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சை.

பயோஃபீட்பேக்கில் உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை, அளப்பது மட்டும்தான். நெற்றியில் ஒட்டிய சென்சார் தசை இறுக்கத்தைப் பார்க்கும். இறுக்கம் கூடினால் 'பீப்' சத்தம் உயரும், தளர்ந்தால் இறங்கும். விரல் நுனியில் இன்னொன்று வெப்பத்தைக் காட்டும். பதற்றத்தில் கை ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் சில்லிட்டுப் போகும். முதல் நாள் என் விரல் 28.5 டிகிரி. 'சூடாகு, சூடாகு' என்று மனதுக்குள் கத்தினேன். 27.8க்கு இறங்கியது! முயற்சி செய்வதே பதற்றம் என்று புரிய நான்கு வாரம் ஆனது. மூச்சை நீளமாக வெளியே விட்டு, கை கனமாவதை மட்டும் கவனித்தபோது தானாக ஏறியது. ஆறாவது அமர்வில் 34.

பிறகு சிகிச்சையாளர் திரையைத் திருப்பி வைத்துவிட்டு, "இப்ப எவ்வளவு இருக்கும், சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு அதுதான் உண்மையான பாடம். திரை இல்லாமல் தெரிய வேண்டும். வீட்டில் தினமும் 20 நிமிடம் பழகியதும் அதற்காகத்தான்.

சி.பி.டி. பாதி எனக்கு முதலில் சலிப்பு. ஒரு நாள் மதியம் வலி 4. உடனே மனதில், 'ஆரம்பிச்சிடுச்சு, ராத்திரி வரைக்கும் விடாது.' வழக்கம்போல் மாத்திரை, மாலை நிகழ்ச்சி ரத்து. இதைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை, நோட்டைப் புரட்டச் சொன்னார். 4இல் தொடங்கிய வலி 11 முறை. 7க்கு மேல் போனது மூன்றே முறை. அடுத்த முறைக்குத் திட்டம் போட்டோம்: பத்து நிமிடம் தாடையையும் தோளையும் தளர்த்துவது, அரை மணி நேரம் பொறுத்து மறுபடி எண் போடுவது, வெளியே போவதை ரத்து செய்யாமல் வைப்பது. இந்தப் பொறுத்துப் பார்க்கிற வேலை இறுக்கத் தலைவலிக்கு மட்டும். மைக்ரேனுக்கு மாத்திரையைச் சீக்கிரம் போட்டால்தான் நன்றாகக் கேட்கும். மைக்ரேன்காரர்களுக்குத் திட்டம் வேறு.

யாருக்கு உதவும்? மைக்ரேன், இறுக்கத் தலைவலி இரண்டுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நாள்பட்ட மைக்ரேன் உள்ள 10 முதல் 17 வயதுக்காரர்களிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு அமிட்ரிப்டிலின் என்ற தடுப்பு மருந்தோடு சி.பி.டி., இன்னொரு குழுவுக்கு அதே மருந்தோடு தலைவலி பற்றிய விளக்கம் மட்டும். தலைவலி நாட்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் முதல் குழுவில் 66 சதவீதம், மற்றதில் 36. கர்ப்பம் போன்ற காரணத்தால் தடுப்பு மருந்து எடுக்க முடியாதவர்களுக்கும் இது வழி. வீட்டில் பழக நேரமில்லை என்பவர்கள் வர வேண்டாம், வெறும் செலவு. திடீரென இடி விழுந்த மாதிரி வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவற்றுக்கு முதலில் மருத்துவரிடம்தான் ஓட வேண்டும்.

என் கணக்கு: மாதம் 20க்கு மேல் இருந்த தலைவலி நாட்கள் மூன்றாம் மாதம் 12, ஆறாம் மாதம் 8. ஏழாம் மாதம் 'குணமாயிடுச்சு' என்று பயிற்சியை விட்டேன், 14. மறுபடி தொடங்கி இப்போது 7, 8இல் நிற்கிறது. வலி அடியோடு போகவில்லை. இதை எழுதும்போதுகூட நடுவில் ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முன்பு தெரிந்திருக்காது.