30 நொடித் துண்டு என்று சொல்லி 32 நொடி கொடுத்த செயலி

ஸ்டேட்டஸில் போட வீடியோவைத் துண்டு போடும் செயலி ஒன்றை நம்பி, போன வாரம் பணத்தையும் ஒரு மாலைப் பொழுதையும் தொலைத்தேன். பெயர் வேண்டாம். இதே மாதிரி பத்துச் செயலிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் கத்தரிக்கோல் படம்தான்.

அக்கா மகள் மேடையில் பேசியதை போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தேன். 2 நிமிடம் 14 நொடி. நான் பயன்படுத்தும் மெசேஜ் செயலியில் ஸ்டேட்டஸ் 30 நொடிதான் ஏறும். அதனால் ஐந்து துண்டு தேவை. 'ஒரே தொடுதலில் சரியாக 30 நொடி' என்றது அந்தச் செயலி. தொட்டேன். இரண்டே நொடியில் ஐந்து கோப்பு வந்துவிட்டது. வரிசையாக ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலையில் அக்கா போன்: "ஏண்டா, அவ பேச்சு நடுநடுவுல முழுங்கின மாதிரி இருக்கே?"

துண்டுகளின் நீளத்தை அப்போதுதான் பார்த்தேன். 32, 28, 32, 28, 14. கூட்டினால் 134 நொடி, கணக்கு சரிதான். ஆனால் முதல் துண்டிலும் மூன்றாம் துண்டிலும் 30-ஐத் தாண்டிய இரண்டு நொடியை ஸ்டேட்டஸ் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. அடுத்த துண்டு 32-வது நொடியில்தான் தொடங்கும். இடையில் போன சொற்கள் எதிலுமே இல்லை.

ஏன் 32? வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் இல்லை. அவ்வப்போது ஒரு கீஃபிரேம் முழுப் படமாக இருக்கும். நடுவில் வருபவை முன்பின் படங்களோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்திருக்கும். மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது படங்களைப் புதிதாகச் சுருக்கி எழுதாமல், அப்படியே பிரித்தால், புதுத் துண்டு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். என் வீடியோவை முன்னாலேயே ஒரு தடவை சுருக்கியிருந்தேன், அதில் 4 நொடிக்கு ஒரு கீஃபிரேம். 30-ல் கீஃபிரேம் இல்லை, 32-ல் இருந்தது. 60-ல் இருந்தது. 90-ல் இல்லை, 92-ல் இருந்தது. இரண்டு நொடியில் வேலை முடிந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உண்மையிலேயே என்கோட் செய்தால் அவ்வளவு வேகமாக முடியாது.

சரி, 'துல்லிய வெட்டு' என்று இன்னொரு வசதி இருந்தது, அது காசு கொடுப்பவர்களுக்கு. மூன்று நாள் இலவசம் என்று பெரிய எழுத்தில், அப்புறம் ஆண்டுச் சந்தா என்று சாம்பல் நிறப் பொடி எழுத்தில். அழுத்தினேன். நீளம் இந்தத் தடவை சரியாக 30. ஆனால் பிள்ளை படுத்துக்கொண்டு பேசுகிறாள்! மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு.

நிமிர்த்தி எடுத்தாலும் பல போன்கள் படத்தைக் கிடைமட்டமாகவே, 1920×1080 என்று, சேமிக்கும். 'காட்டும்போது 90 டிகிரி திருப்பு' என்ற குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். மறுபடி என்கோட் செய்யும்போது இந்தச் செயலி அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளவில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை இது.

கடுப்பில் செயலியை நீக்கினேன். அங்கேதான் இரண்டாவது ஏமாற்றம். செயலியை நீக்கினால் சந்தா நீங்காது, ஆப் ஸ்டோர் கணக்கில் சந்தாக்கள் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. நான்காம் நாள் முழு ஆண்டுத் தொகையும் போய்விட்டது.

கடைசியில் கணினியில் ffmpeg என்ற இலவச மென்பொருள்தான், கட்டளை தட்டி இயக்குவது, வேலையை முடித்தது:

```
ffmpeg -i pechu.mp4 -c:v libx264 -crf 20 -c:a aac \
 -force_key_frames "expr:gte(t,n_forced*29)" \
 -f segment -segment_time 29 -segment_time_delta 0.05 \
 -reset_timestamps 1 part%02d.mp4
```

வேண்டுமென்றேதான் 29. ஓரிரு ஃபிரேம் கூடிப்போனாலும் 30-ஐத் தாண்டாது. `force_key_frames` 29 நொடிக்கு ஒரு கீஃபிரேமை வலுக்கட்டாயமாக வைக்கிறது, அதனால் வெட்டு அங்கேயே விழும். திருப்பும் குறிப்பை ffmpeg தானாகவே படித்துப் படத்தை நிமிர்த்திவிடுகிறது. நான்கு துண்டு 29, கடைசி 18.

ஒரு சொல்லின் நடுவில் வெட்டு விழத்தான் செய்யும். ஆனால் மீதிச் சொல் அடுத்த துண்டில் இருக்கும், காணாமல் போகாது.

வேறு செயலியில் செய்பவர்கள் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் பாருங்கள், ஒரு துண்டை முழுத்திரையில் ஓட்டிப் பாருங்கள். சந்தா தொகையைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு பதில் வந்தது: போனை அணைத்துவிட்டு மறுபடி இயக்கிப் பார்க்கச் சொன்னார்கள்.