லிபெரிக்காவா, எக்ஸெல்சாவா: பழச்சதைதான் முடிவு செய்கிறது

அராபிக்காவும் ரோபஸ்டாவும் உலகக் காபியில் ஏறக்குறைய முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் கிடக்கும் காபி இனங்களான லிபெரிக்கா, எக்ஸெல்சா இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் என் கை எக்ஸெல்சாவுக்கே போகும்.

சுவையில் இரண்டும் வேறு. லிபெரிக்காவில் பலாப்பழ வாசமும் மர வாசமும் தூக்கலாக இருக்கும். பிலிப்பைன்ஸின் பத்தங்காஸில் பராக்கோ என்று குடிப்பது இதைத்தான். எக்ஸெல்சா மென்மையானது: கோகோ, வெல்லப்பாகு, லேசான பழப்புளிப்பு. இரண்டிலும் காஃபின் ரோபஸ்டாவைவிடக் குறைவு.

ஆனால் முடிவு செய்வது சுவையல்ல, பழத்தின் சதை. அராபிக்காவில் ஒரு கிலோ பச்சைக்கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் போதும். லிபெரிக்காவுக்குப் பத்து கிலோவோ அதற்கு மேலோ வேண்டும். 100 கிலோ பறித்தால் கையில் நிற்பது பத்து கிலோகூடத் தேறாமல் போகலாம். பறிகூலி மட்டும் 100 கிலோவுக்கும் கொடுத்தாக வேண்டும். எக்ஸெல்சாவின் பழம் சிறியது, சதையும் மெல்லியது. அதனால் இந்த இழப்பு அதில் வெகுவாகக் குறைகிறது.

சதையால் வரும் தொல்லை அதோடு முடிவதில்லை. அராபிக்காவுக்கு வைத்த, பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் லிபெரிக்காவைப் போட்டால் பெரிய கொட்டைகள் நசுங்கும். இடைவெளியைக் கூட்டினால் சிறிய பழங்கள் உரிபடாமலே வெளியே வரும். பழத்தை அளவுவாரியாகப் பிரித்து இரண்டு தடவையாக ஓட்டுவதே வழி. முழுப்பழமாகக் காயவைத்தாலோ, மேல்தோல் காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் தங்கி, புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பழத்தைப் பிளந்து முகர்ந்தால் காடி வாசம் அடிக்கும். அடித்தால் குவியல் தடிமனாகிவிட்டது, மெல்லிசாகப் பரப்ப வேண்டும்.

வறுக்கும்போதும் பெரிய கொட்டைக்குச் சூடு மெதுவாகத்தான் ஏற வேண்டும். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: வெளியே கருத்து, நடுவில் வெளிறியிருந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். எக்ஸெல்சாவின் கொட்டை சிறியதாக இருப்பதால் இதில் தவறு குறைவு.

அப்படியானால் எக்ஸெல்சா ஏன் பரவவில்லை? 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் அராபிக்காவை அழிக்கத் தொடங்கியதும் மாற்றாக முதலில் வந்தது லிபெரிக்கா. அதையும் துரு பிடித்தது. அந்த இடத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோபஸ்டா பிடித்துக்கொண்டது. எக்ஸெல்சா தாவரவியலாளர் கண்ணில் பட்டதே அப்போதுதான், மத்திய ஆப்பிரிக்காவில். 2006 முதல் அதை லிபெரிக்காவின் ஒரு வகையாகவே வைத்திருந்தார்கள். 2025இல் வெளிவந்த மரபணு ஆய்வுதான் இரண்டையும் தனி இனங்கள் என்று பிரித்தது. ஒரே பெயரில் கலந்து விற்றதால், ஒன்றின் குறை மற்றதன் தலையிலும் விழுந்தது. மரமும் உயரமானது. உச்சியை வெட்டித் தாழ்வாக வைக்காவிட்டால் ஏணி வைத்துத்தான் பறிக்க வேண்டும். இதில் இரண்டும் ஒன்றுதான்.

பலா வாசம்தான் வேண்டும் என்பவர் லிபெரிக்காவையே வாங்கலாம். அந்த வாசத்தை எக்ஸெல்சாவிடம் எதிர்பார்க்க முடியாது.