நீண்ட நாள் பயன்பாட்டில் கிராஃப் நியூரல் நெட்வொர்க்: லேயரைக் கூட்டுவதற்கு முன்

நண்பர் வலையமைப்புத் தரவில் சில வருடங்களாக கிராஃப் நியூரல் நெட்வொர்க் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் PyTorch Geometric நூலகம்தான். எத்தனை லேயர் வைப்பது என்ற கேள்விதான் அதிகம் வேலை வாங்கியது. அதனால் இந்தப் பகிர்வு அதைப் பற்றியே.

ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். அ, ஆ, இ மூவரும் ஒருவருக்கொருவர் நண்பர்கள். இ-க்கு ஈ நண்பர், ஈ-க்கு உ நண்பர். ஒவ்வொருவருக்கும் இசை ஆர்வ மதிப்பெண் ஒன்று உண்டு: அ 9, ஆ 9, இ 6, ஈ 0, உ 0.

இந்த நெட்வொர்க்கில் ஒரு லேயர் என்பது மெசேஜ் பாஸிங்கின் ஒரு சுற்று. அதில் ஒவ்வொரு முனையும், அதாவது இங்கே ஒவ்வொரு நபரும், பக்கத்து முனைகளின் மதிப்புகளை வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து, புது மதிப்பு ஒன்றைக் கணக்கிடும். எளிமைக்காகச் சராசரி மட்டும் எடுப்போம். இ-க்கு (6+9+9+0)/4, அதாவது 6. ஈ-க்கு (0+6+0)/3, அதாவது 2. அ-வும் ஆ-வும் 8 ஆகிறார்கள். உ-வுக்கு ஈ மட்டும்தான் நண்பர், அவரும் 0 தான் அனுப்பினார், அதனால் உ 0-விலேயே நிற்கிறார்.

இரண்டாவது சுற்றில் உ 1 ஆகிறார். ஈ இப்போது அனுப்பும் 2-க்குள் இ-யின் ஆர்வம் கலந்திருப்பதால் வந்த மாற்றம் இது. ஒரு லேயர் என்றால் ஒரு அடி தூரம், அவ்வளவுதான். அ-வைப் பற்றிய தகவல் உ-வுக்கு வர மூன்று லேயர் வேண்டும்.

சரி, அப்படியானால் லேயரைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன? இதே கணக்கை 20 சுற்று ஓட்டிப் பாருங்கள். ஐந்து பேரும் ஏறக்குறைய 5.2-க்கு வந்துவிடுவார்கள். அந்த எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவரவர் நண்பர் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் வருவது அவருடைய எடை. ஒவ்வொருவரின் தொடக்க மதிப்பையும் அந்த எடையால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 78 வரும். அந்த எடைகளின் கூட்டுத்தொகை 15. 78/15 தான் 5.2. யார் இசைப் பிரியர், யார் இல்லை என்ற வித்தியாசமே அழிந்துபோகிறது. ஓவர்ஸ்மூத்திங் என்பது இதுதான். உண்மையான மாடலில் கற்றுக்கொண்ட எடைகளும் ஆக்டிவேஷனும் இருப்பதால் இவ்வளவு துல்லியமாக ஒரே எண்ணில் குவியாது, ஆனால் போக்கு இதேதான்.

இதை ஓவர்ஃபிட்டிங் என்று நினைத்து டிராப்அவுட்டைக் கூட்டுபவர்கள் உண்டு. பிரித்தறிவது சுலபம். ஓவர்ஃபிட்டிங்கில் பயிற்சித் துல்லியம் உயர்ந்து சோதனைத் துல்லியம் மட்டும் விழும். ஓவர்ஸ்மூத்திங்கில் லேயர் கூடக்கூடப் பயிற்சித் துல்லியமும் சேர்ந்தே விழும். சந்தேகம் தீரவில்லை என்றால், ஒவ்வொரு லேயருக்குப் பிறகும் முனைகளின் எம்பெடிங்குகளுக்கு, அதாவது அந்த லேயர் ஒவ்வொரு முனைக்கும் தரும் எண் வரிசைகளுக்கு இடையே கொசைன் ஒற்றுமையின் சராசரியைப் பாருங்கள். அது 1-ஐ நோக்கி ஏறினால் காரணம் உறுதி.

நான் எப்போதும் இரண்டு லேயரில்தான் தொடங்குகிறேன். நண்பரின் நண்பர் வரை பார்ப்பதே பெரும்பாலான வேலைகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

```python
self.conv1 = SAGEConv(n_in, 64)
self.conv2 = SAGEConv(64, n_out)
```

`GCNConv`-ஐ விட `SAGEConv` எனக்குப் பிடிக்கக் காரணம் இருக்கிறது. முன்னது முனையின் சொந்த மதிப்பையும் நண்பர்களின் மதிப்போடு ஒரே கலவையில் போடுகிறது. பின்னதில் சொந்த மதிப்புக்குத் தனி எடை அணி உண்டு. நிறைய நண்பர்கள் உள்ளவரின் சொந்தக் குணம் கூட்டத்தில் கரைந்துபோகாமல் இருக்க இது நன்றாகவே உதவுகிறது. மூன்று, நான்கு லேயர் கட்டாயம் தேவை என்றால் எல்லா லேயர்களின் வெளியீட்டையும் ஒட்டிச் சேர்த்துக் கடைசியில் கொடுங்கள். அப்போது முதல் லேயரில் இருந்த வித்தியாசங்கள் கைவிட்டுப் போகாது.

இன்னொன்று, இணைப்புகளைப் பட்டியலிடும் `edge_index`-இல் ஒவ்வொரு நட்பும் இரண்டு திசையிலும் இருக்க வேண்டும். மேலே சொன்ன வலையமைப்பில் ஐந்து நட்புகள், ஆகவே அதன் அளவு `[2, 10]`. `[2, 5]` என்று இருந்தால் செய்தி ஒரு பக்கமாக மட்டுமே போகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, துல்லியம் மட்டும் ஏனென்று தெரியாமல் குறைவாக நிற்கும். `to_undirected` போட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், இணைப்புகளையே பயன்படுத்தாத ஒரு சாதாரண நியூரல் நெட்வொர்க்கையும் அதே தரவில் பயிற்றுவித்து ஒப்பிடுங்கள். நண்பர்களின் ரசனை ஒத்துப்போகாத தரவில் அதுவே முந்திவிடுவதும் உண்டு. அங்கே பக்கத்து முனையின் செய்தி வெறும் இரைச்சலாகிவிடுகிறது, லேயரைக் கூட்டினால் அந்த இரைச்சல்தான் கூடும்.