கான்ட் சார்ட்டுக்குக் கீழே ஒரு ரெடி க்யூ: பல செமஸ்டர்கள் பயன்படுத்திப் பார்த்ததில்

ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஷெட்யூலிங் கணக்கு வந்தால் கான்ட் சார்ட்டோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் சிபியுவுக்காகக் காத்திருக்கும் வரிசையான ரெடி க்யூவில் எந்தெந்த ப்ராசஸ்கள் நிற்கின்றன என்பதையும் எழுதிவிடுவது என் வழக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இன்ஜினியரிங் படிக்கிறார்கள். உள்தேர்வு முடிந்த சாயங்காலமே கேள்வித்தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "அக்கா, ஆன்சர் சரியான்னு பாருங்க" என்பார்கள். இந்த முறை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கொடுப்பதில்லை என்பது அப்படி வந்த தாள்களைப் போட்டுப் பார்த்ததில் தெரிந்ததுதான்.

சமீபத்தில் வந்த ஒரு கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நான்கு ப்ராசஸ்களை எஃப்சிஎஃப்எஸ், அதாவது வந்த வரிசையில் ஒவ்வொன்றாக முடிப்பது, ரவுண்ட் ராபின், அதாவது முறைவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுவது, என்ற இரண்டு முறையிலும் போட வேண்டும். ரவுண்ட் ராபினில் ஒரு முறைக்கு ஓடவிடும் நேரமான குவாண்டம் 2 மில்லிசெகண்ட். அரைவல் என்பது வந்து சேரும் நேரம், பர்ஸ்ட் என்பது சிபியுவில் ஓட வேண்டிய நேரம்.

```
     அரைவல்  பர்ஸ்ட்
P1     0       5
P2     1       4
P3     2       2
P4     4       3
```

போட்டோவில் தாளின் மடிப்பு சரியாக P2 வரியின் மேல் விழுந்திருந்தது. அரைவல் 1 என்பது பார்ப்பதற்கு 7 மாதிரி இருந்தது. பர்ஸ்ட் எண்ணைத் தப்பாகப் படித்தால் ஓரளவு பிடித்துவிடலாம். கேள்வியிலேயே மொத்தமோ விடையோ கொடுத்திருந்தால், சிபியு சும்மா இருக்காதவரை சார்ட் முடியும் நேரம் பர்ஸ்ட்களின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும், இங்கே 14. அரைவலைத் தப்பாகப் படித்தால் இந்தச் சோதனை உதவாது. 7 என்றே வைத்துப் போட்டாலும் சார்ட் 14-இல்தான் அழகாக முடியும். ஆனால் எஃப்சிஎஃப்எஸ் சராசரி வெயிட்டிங் டைம் 4.5-க்குப் பதிலாக 2.25 என்று வரும். சார்ட்டைப் பார்த்து யாரும் சந்தேகப்பட முடியாது. அதனால் அரைவல் வரிசை 0, 7, 2, 4 என்று ஏறி இறங்கினால், பேனாவை எடுக்கும் முன்பு அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கேள்வி எடுப்பவர் வேண்டுமென்றே வரிசையைக் கலைத்தும் கொடுப்பார் என்பதால் சந்தேகம் மிஞ்சினால், "அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை எடுத்து அனுப்புப்பா" என்று கேட்டுவிடுவேன்.

எஃப்சிஎஃப்எஸ்ஸுக்கு இந்த முறை தேவையே இல்லை. வந்த வரிசையில் P1 0 முதல் 5 வரை, P2 9 வரை, P3 11 வரை, P4 14 வரை. தொடங்கிய நேரத்தில் அரைவலைக் கழித்தால் வெயிட்டிங் டைம் 0, 4, 7, 7. கூட்டினால் 18, சராசரி 4.5. அவ்வளவுதான்.

பிள்ளைகள் இதே கழித்தலை ரவுண்ட் ராபினுக்கும் கொண்டுபோகும்போதுதான் கணக்கு கெடுகிறது. P1 பூஜ்யத்தில் வந்து பூஜ்யத்திலேயே தொடங்குவதால் அதன் வெயிட்டிங் 0 என்று எழுதிவிடுகிறார்கள். அது முதல் தடவை சிபியு கிடைக்கும்வரை ஆகும் ரெஸ்பான்ஸ் டைம். நடுவில் பிடுங்கப்பட்டு மறுபடி க்யூவில் நின்ற நேரமும் வெயிட்டிங்கில் சேர வேண்டும். முடிந்த நேரத்திலிருந்து அரைவலையும் பர்ஸ்டையும் கழிப்பது எந்த முறைக்கும் பொருந்தும்.

ரவுண்ட் ராபினை நான் இப்படி எழுதுவேன். இடது பக்கம் கட்டம் தொடங்கும் நேரம், அடுத்து ஓடும் ப்ராசஸ், அதற்கப்புறம் அந்த நொடியில் க்யூவில் நிற்பவர்கள், வரிசை மாறாமல்.

```
 0  P1 | -
 2  P2 | P3 P1
 4  P3 | P1 P4 P2
 6  P1 | P4 P2
 8  P4 | P2 P1
10  P2 | P1 P4
12  P1 | P4
13  P4 | -
14  முடிவு
```

நேரம் 2-ஐக் கொஞ்சம் பாருங்கள். P1-இன் குவாண்டம் முடிவதும் P3 வந்து சேர்வதும் ஒரே கணத்தில். யார் முதலில் க்யூவில் நிற்பது? புதிதாக வந்தவர் முன்னால், பிடுங்கப்பட்டவர் பின்னால் என்று வைத்துத்தான் மேலே எழுதியிருக்கிறேன். நேரம் 4-இலும் P4 வருகிறது, P2 வெளியேறுகிறது. அங்கேயும் அதே விதி. க்யூவை எழுதாமல் வெறும் கட்டங்களை மட்டும் வரைபவர்கள், இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதையே கவனிப்பதில்லை. கை ஒரு இடத்தில் ஒரு விதியும் இன்னொரு இடத்தில் வேறு விதியும் போட்டுவிடும். அப்படி வரும் விடை எந்த விடைத்தாளோடும் ஒத்துப்போகாது.

இந்த வரிசைப்படி P1 13-இலும், P2 12-இலும், P3 6-இலும், P4 14-இலும் முடிகின்றன. வெயிட்டிங் டைம் 8, 7, 2, 7. கூடுதல் 24, சராசரி 6.

இப்போது விதியை மாற்றி, பிடுங்கப்பட்டவரை முன்னால் நிறுத்திப் பார்த்தால் வரிசை P1, P2, P1, P3, P2, P4, P1, P4 என்று போகும். வெயிட்டிங் டைம் 8, 5, 4, 7. இதையும் கூட்டினால் அதே 24, அதே 6! P2-க்குக் குறைந்த இரண்டு P3-க்கு ஏறிவிட்டது. இது இந்த எண்களில் தற்செயலாக அமைந்தது. எல்லாக் கணக்கிலும் இப்படி வராது. ஆனால் "சராசரி மேட்ச் ஆயிடுச்சு அக்கா, அப்புறம் ஏன் மார்க் குறைஞ்சது?" என்று ஒரு தம்பி கேட்டதற்கு இதுதான் காரணம். தனித்தனி வெயிட்டிங் டைமுக்கும் அங்கே மதிப்பெண் உண்டு. கேள்வியில் விதி சொல்லப்படவில்லை என்றால், எந்த விதியில் போட்டீர்கள் என்பதைச் சார்ட்டுக்கு மேலேயே ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுவது நல்லது.

க்யூ வரியில் எனக்கு மிகவும் பிடித்தது, கழித்தலைத் தொடாமலே விடையைச் சரிபார்க்க அது தரும் இன்னொரு வழி. ஒவ்வொரு கட்டத்திலும் நிற்பவர்களின் எண்ணிக்கையைக் கட்டத்தின் நீளத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்த வெயிட்டிங் டைம் வந்துவிட வேண்டும். மேலே உள்ளதில் 2-இலிருந்து 4 வரை இரண்டு பேர், அதாவது 4. அடுத்த கட்டத்தில் மூன்று பேர், 6. அதற்கடுத்த மூன்று கட்டங்களுக்கும் தலா 4. கடைசியில் P4 மட்டும் நிற்கும் 1. மொத்தம் 23 ஆகிறது, ஒன்று குறைகிறது. அது முதல் கட்டத்தின் நடுவில், நேரம் 1-இல் வந்து 2 வரை நின்ற P2. கட்டம் தொடங்கிய பிறகு வந்தவர்களை வரி காட்டாது, நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 24. இரண்டு வழியும் ஒத்துவந்தால் கழித்தலில் பிழையில்லை என்று நம்பலாம். போட்டோவைத் தப்பாகப் படித்ததை மட்டும் இது காட்டிக்கொடுக்காது.

6 என்ற விடையைப் பார்த்ததும் பாதிப் பேர் அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். ரவுண்ட் ராபின் நல்லது என்று வகுப்பில் சொன்னார்களே, எஃப்சிஎஃப்எஸ்ஸின் 4.5-ஐ விட எப்படிக் கூடும் என்று குழப்பம். தாராளமாகக் கூடும். பர்ஸ்ட்கள் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கும்போது, ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக ஓட்டுவதால் எல்லோரும் கடைசி வரை இழுபடுவார்கள். அதற்கு ஈடாகக் கிடைப்பது ரெஸ்பான்ஸ் டைம்: எஃப்சிஎஃப்எஸ்ஸில் சராசரி 4.5, இங்கே முதல் விதிப்படி 0, 1, 2, 4, அதாவது சராசரி 1.75. முதல் ப்ராசஸே மிக நீளமாக இருந்து மற்றவை குட்டியாக இருந்தால் வெயிட்டிங்கிலும் ரவுண்ட் ராபின் ஜெயிக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குவாண்டம் 1, பர்ஸ்ட்கள் 10, 12 என்று கொடுத்தால் க்யூ வரிகள் பக்கத்தைத் தாண்டிப் போய்விடும். அப்போது புது அரைவல் எல்லாம் வந்து முடியும் வரை மட்டும் எழுதுவேன். அதற்கப்புறம் வரிசை சுற்றிச் சுற்றி வருவதுதானே. ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சுக்குத் தனி நேரம் கொடுத்திருந்தால் ஸ்விட்ச் கட்டங்களையும் சார்ட்டில் போட வேண்டும். அந்த நேரத்தில் யாரும் ஓடுவதில்லை, அடுத்து ஓடப்போகிறவரும் காத்திருப்பவர்தான். எனவே எண்ணும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வழி விடையும் ஒத்துப்போகாது.