பி1 ஜெர்மன் தேர்வு: கோதேயா, டெல்க்கா?

ஜெர்மனியில் தொழிற்பயிற்சி விசாவுக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சியைக் கேட்கிறார்கள். வேலை தேடிச் செல்வதற்கான வாய்ப்பு அட்டையில் அதே பி1 நிலைக்கு 2 புள்ளிகள் கிடைக்கின்றன. இந்த நிலைக்குப் பலரும் எழுதுவது கோதே, டெல்க் என்ற இரண்டு தேர்வுகளைத்தான். ஆஸ்திரியாவின் ஓ.எஸ்.டி. பி1 தேர்வு கோதேயுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது என்பதால் கோதேயைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

எது எளிது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுகிறார்கள் என்று கேட்பதே பயன் தரும் என்பேன், ஏனென்றால் இரண்டும் பிரிகிற இடம் அதுதான். கோதேயில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனித் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுக்க வேண்டும். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். டெல்க்கில் வாசித்தல் 75, இலக்கணமும் சொல்லும் சார்ந்த கோடிட்ட இடங்கள் 30, கேட்டல் 75, எழுதுதல் 45 என எல்லாவற்றையும் சேர்த்து 225க்கு 135 எடுத்தால் போதும். பேசுதலுக்குத் தனியாக 75க்கு 45 வேண்டும்.

காது பலவீனமான ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோதே மாதிரித் தேர்வில் கேட்டலின் 30 கேள்விகளில் 16 சரி. அது 53 மதிப்பெண். மற்ற மூன்றிலும் எவ்வளவு எடுத்திருந்தாலும் இந்தப் பகுதி தோல்விதான். இதே திறமையோடு அவர் டெல்க் எழுதினால் வாசித்தலில் 62.5, கோடிட்ட இடங்களில் 19.5, கேட்டலில் 40, எழுதுதலில் 30 என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 152, எழுத்துத் தேர்வில் தேர்ச்சி. வாசித்தலில் சேர்த்த மதிப்பெண் காதின் குறையை ஈடுகட்டிவிடுகிறது.

இந்த ஈடுகட்டல் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். டெல்க்கில் எழுதுதல் என்பது 30 நிமிடத்தில் ஒரே ஒரு மின்னஞ்சல். கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ எழுதினால் அதற்குச் சுழியம் விழும். மேலே சொன்ன அதே ஆளின் மொத்தம் அப்போது 122 ஆகிவிடும். ஒரு மின்னஞ்சலுக்காக வாசித்தல், கேட்டல் உட்பட எழுத்துத் தேர்வு முழுவதையும் அவர் மறுபடி எழுத வேண்டும். கோதேயில் 60 நிமிடத்தில் மூன்று பணிகள்: நண்பருக்கு ஒரு மடல், இணைய விவாதத்தில் ஒரு கருத்து, மரியாதையான ஒரு சிறு மின்னஞ்சல். ஒன்று சறுக்கினாலும் மற்ற இரண்டு கைகொடுக்கும். அப்படியும் தவறினால் எழுதுதலை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

கேட்டலில் கோதேயே கடினம் என்பது என் எண்ணம். நடுவிலுள்ள இரண்டு பகுதிகள் ஒரே முறைதான் ஒலிக்கும். டெல்க்கில் முதல் பகுதி மட்டும் ஒரு முறை, மற்றவை இருமுறை. மேலும் டெல்க்கில் எல்லாம் சரியா தவறா என்ற கேள்விகளே. கேட்டல் பயிற்சியில் தவறவிட்ட இடத்தின் உரையை எழுத்தில் எடுத்துப் படித்துப் பாருங்கள். படிக்கும்போதும் புரியவில்லை என்றால் குறை சொல்வளத்தில். படித்தால் புரிகிறது, கேட்டால் நழுவுகிறது என்றால் குறை காதில். அந்தப் பத்தியையே உரையைப் பார்த்தும் பாராமலும் பலமுறை கேட்பதுதான் மருந்து. இரண்டுக்கும் பயிற்சி வேறு என்பதால் இதை முதலில் கண்டுபிடித்துக்கொள்வது நல்லது.

பேசுதல் இரண்டிலும் பெரும்பாலும் இன்னொரு தேர்வருடன் ஜோடியாகத்தான். சேர்ந்து ஒன்றைத் திட்டமிடும் பணி இரண்டிலும் உண்டு. கோதேயில் கூடுதலாக ஒரு சிற்றுரை: தலைப்பு, சொந்த அனுபவம், தாய்நாட்டு நிலைமை, நன்மை தீமையும் கருத்தும், முடிவு என்ற ஐந்து படிகள். அது முடிந்ததும் எதிரில் இருப்பவர் கருத்துச் சொல்லிக் கேள்வி கேட்பார். மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். பயிற்சியிலேயே ஒருவரை எதிர்பாராத கேள்விகள் கேட்க வைக்க வேண்டும். டெல்க்கில் இந்த உரை கிடையாது. அறிமுக உரையாடலும், ஒரு தலைப்பில் கருத்துப் பரிமாற்றமும் இருக்கும். தனியாகப் பேச அஞ்சுகிறவர்களுக்கு அது இதமானது.

ஆகவே ஒரு திறன் மட்டும் பின்தங்கி மற்றவை நன்றாக இருந்தால், அந்த ஒன்று பேசுதலாக இல்லாத வரை, டெல்க்கைத் தேர்ந்தெடுப்பேன். இலக்கணத்தில் தடுமாறுகிறவர்களுக்கும், பகுதி பகுதியாக முடிக்க நினைப்பவர்களுக்கும் கோதே. ஜெர்மனிக்கு வெளியே டெல்க் மையங்கள் குறைவு என்பதையும் கணக்கில் எடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், விண்ணப்பிக்கும் தூதரகத்தின் பட்டியலில் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா, எவ்வளவு பழையது வரை ஏற்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். கோதேயைப் பிரித்து எழுதுகிறவர்கள் நான்கு பகுதிகளையும் அந்தக் காலவரம்புக்குள் முடிக்கும்படி தேதிகளை அமைத்துக்கொள்வது பாதுகாப்பு.