சாட்ஸ்வர்த் கடைக்கு இரண்டு கொட்டேஷன்: எதில் என்ன உண்டு, எதில் என்ன இல்லை

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், போன மாதம் இரண்டு தாள்களை வாட்ஸப்பில் அனுப்பினார். "தம்பி, இதுல எது தேவலைன்னு பாத்துச் சொல்லுங்க." கடைக்கு ஆன்லைன் ஆர்டர் வாங்கும் தளம் கட்டித்தர இரண்டு பேர் கொடுத்த கொட்டேஷன்கள் அவை. ஒன்று ஒரே பக்கம், 18,500 ராண்ட். இன்னொன்று நான்கு பக்கம், 31,000 ராண்ட்.

அண்ணாச்சிக்கு முதல் தாள்தான் பிடித்திருந்தது. 'எல்லாம் அடக்கம்' என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. இரண்டாவதில் ஒன்றரைப் பக்கத்துக்கு 'இதில் சேராதவை' என்று ஒரு பட்டியல். "செய்ய மாட்டேங்கறதையே இவ்வளவு நீளமா எழுதியிருக்கானே, இவன் எப்படி வேலை பாப்பான்?" என்று அலுத்துக்கொண்டார். நானும் இதே தொழிலில் இருப்பவன். இரண்டு விதமான தாளும் எழுதியிருக்கிறேன். அதனால் விலையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌ இந்த இரண்டு தளங்களிலும் எப்படி விற்கும் என்று மட்டும் பார்ப்போம் என்றேன்.

முதலில் மெனு. பன்னி சௌ என்றால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றுவது. கால், அரை, முழு என்று ரொட்டி அளவில் விற்பது. அண்ணாச்சி கடையில் மட்டன், சிக்கன், பீன்ஸ் என்று மூன்று வகை, மூன்று அளவு. காரம் கம்மியா அதிகமா, சம்பல்ஸ் என்ற காய்கறி சாலட் கூடுதலாக வேண்டுமா என்பது அதற்கு மேல்.

முதல் தாள் சொல்வது: 'எத்தனை ஐட்டம் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அளவு, காரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் காட்டிய மாதிரித் தளத்தைத் திறந்து பார்த்தால் குவார்ட்டர் மட்டன் ஒரு ஐட்டம், ஹாஃப் மட்டன் இன்னொன்று, ஃபுல் மட்டன் மூன்றாவது. காரத்தை 'குறிப்பு' என்ற பெட்டியில் வாடிக்கையாளரே தட்டவேண்டும். சனிக்கிழமை மதியம் மட்டன் தீர்ந்துபோனால் மூன்று பன்னி, மட்டன் பிரியாணி, மட்டன் ரொட்டி என்று ஐந்து இடத்தில் போய் நிறுத்தவேண்டும். ஒன்றை மறந்தால் அதற்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் தாள் சொல்வது: '45 உணவுகள் வரை, ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு, இரண்டு தேர்வுக் குழுக்கள், மூலப்பொருள் ஒன்றை நிறுத்தினால் அது சேர்ந்த எல்லா உணவும் நிற்கும்.' எண்ணிக்கைக்கு வரம்பு போட்டிருப்பதைப் பார்த்து அண்ணாச்சி முகம் சுளித்தார். அவர் கடை மெனுவை எண்ணினோம். 38. அந்த வரம்பு அவரை ஒன்றும் செய்யாது. 'எத்தனை வேண்டுமானாலும்' என்று எழுதியவர், ஒரு ஐட்டம் என்றால் என்ன என்று சொல்லவே இல்லை.

அடுத்தது பணம். என் கணக்கில் இரண்டு தாளுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் பேஃபாஸ்ட் சேவையின் இணைப்பைத் தருவதாக இருவருமே எழுதியிருந்தார்கள். அது வேலை செய்யும் விதம் இப்படி: வாடிக்கையாளரை நம் தளம் பணம் கட்டும் பக்கத்துக்கு அனுப்பும்போது இரண்டு முகவரிகளைக் கூடவே கொடுக்கும். ஒன்று `return_url`. பணம் கட்டி முடித்தவரின் பிரௌசர் அங்கே திரும்பி வரும். 'நன்றி' பக்கம் தெரியும். இன்னொன்று `notify_url`. பிரௌசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் சர்வர் நேராக நம் சர்வருக்குச் செய்தி அனுப்பும். வருவதில் முக்கியமானது இவ்வளவுதான்:

```
m_payment_id=1047
payment_status=COMPLETE
amount_gross=210.00
```

முதல் தாளில் இருந்த வரி: 'வாடிக்கையாளர் நன்றி பக்கத்துக்கு வந்ததும் ஆர்டர் கிச்சனுக்குப் போகும்.' பணம் கட்டியவர் நன்றி பக்கம் வருவதற்குள் போனை மூடிப் பையில் போட்டுவிட்டால்? டேட்டா தீர்ந்துவிட்டால்? பணம் போயிருக்கும், ஆர்டர் இருக்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்: நன்றி பக்கத்தின் முகவரி தெரிந்த ஒருவர் பைசா கட்டாமல் அதை நேராகத் திறந்தால், கிச்சனில் பன்னி தயாராகிவிடும். இது கற்பனை இல்லை. பல வருடங்களுக்கு முன் நானே ஒரு கடைக்கு இப்படித்தான் கட்டிக்கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேர், வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸை நீட்டிக்கொண்டு கவுண்டரில் நின்றார்கள். கடைக்காரர் எனக்குப் போன் போட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் தாளில் இருந்த வரி: '`notify_url`-க்குச் செய்தி வந்து, கையொப்பம் சரிபார்த்து, தொகை ஆர்டரோடு பொருந்திய பிறகே ஆர்டர் உறுதியாகும்.' கையொப்பம் என்பது அந்தச் செய்தியை அனுப்பியது பேஃபாஸ்ட்தானா என்று காட்டும் குறியீடு. 1047-ஆம் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். இரண்டு குவார்ட்டர் மட்டன் 95 ராண்ட் வீதம் 190, சம்பல்ஸ் 20, மொத்தம் 210. சர்வர் தன் பதிவில் 1047-க்கு 210 இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் கிச்சனுக்குப் போகும். தொகையை ஏன் ஒப்பிடவேண்டும் என்றால், அது முதலில் வாடிக்கையாளரின் பிரௌசர் வழியாகத்தான் பணப் பக்கத்துக்குப் போகிறது. பாதுகாப்பு சரியாக இல்லாத தளத்தில் விவரம் தெரிந்த ஆள் 210-ஐ 2.10 என்று மாற்றி அனுப்பிவிட முடியும்.

கடைக்காரருக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரியவேண்டியதில்லை. தளத்தை ஒப்புக்கொள்ளும் நாளில் ஒரு சோதனை போதும். நிஜப் பணம் போகாத சோதனை இடமான சாண்ட்பாக்ஸில் ஒரு ஆர்டர் போட்டு, பணம் கட்டிய அந்த நொடியே டேபை மூடிவிடுங்கள். ஒரு நிமிடம் பாருங்கள். கிச்சன் திரையில் ஆர்டர் வந்தால் சரி. இந்தச் சோதனையைக் கொட்டேஷன் தாளிலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லலாம்.

அப்புறம் ரீஃபண்ட். முதல் தாளில் பேச்சே இல்லை. இரண்டாவதில் 'சேராதவை' பட்டியலில் இருக்கிறது: பணத்தைத் திருப்புவதைக் கடைக்காரர் பேஃபாஸ்ட் கணக்கில் போய்ச் செய்துகொள்ளவேண்டும். இது நியாயம்தான். தளத்தில் பொத்தான் வைத்தால் கடையில் வேலை பார்க்கும் யார் வேண்டுமானாலும் பணம் திருப்பலாம் என்று ஆகிவிடும்.

ஆர்டர் உறுதியானதும் கிச்சனில் சீட்டு வரவேண்டும். முதல் தாள்: 'பிரிண்டர் இணைப்பு அடக்கம்.' மூன்றே வார்த்தை. பிரௌசரில் இருந்து அச்சடித்தால் ஒவ்வொரு முறையும் 'பிரிண்ட்' பெட்டி மேலே வந்து நிற்கும். மாவுக் கையோடு யார் போய் அதை அழுத்துவது? குரோமை `--kiosk-printing` என்று சேர்த்துத் திறந்தால் பெட்டி வராமல் நேராக அச்சாகும். ஆனால் அது அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் செய்யும் வேலை. கம்ப்யூட்டர் மாறினால் திரும்பச் செய்யவேண்டும். இரண்டாம் தாள் இதைப் பச்சையாகவே எழுதியிருந்தது: கடைக்காரர் வாங்கித்தரும் 80 மி.மீ. தெர்மல் பிரிண்டர் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு முறை அமைத்துத் தரப்படும். பிறகு மாற்றினால் தனிக் கட்டணம்.

அதே பட்டியலில் 'தமிழில் சீட்டு அச்சிடுதல் சேராது' என்றும் ஒரு வரி. அண்ணாச்சிக்கு இதுதான் பெரிய குறை. மலிவான தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்தே கிடையாது. படமாக மாற்றித்தான் அனுப்பவேண்டும், அது தனி வேலை என்று விளக்கினேன். "நம்ம கடைச் சீட்டு நம்ம மொழியில இருக்கவேணாமா?" என்றார். கிச்சனில் சீட்டைப் பார்த்துச் சமைப்பது யார் என்று கேட்டேன். ஜூலு பேசும் அக்கா ஒருவர். பேச்சு அதோடு நின்றது.

கரண்ட் போனால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லோட்ஷெட்டிங் காலத்தை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. தளம் ஓடும் சர்வர் வேறெங்கோ இருக்கும், அதற்குக் கரண்ட் இருக்கும். கடையில் ரௌட்டர் அணைந்துபோயிருக்கும். ஆர்டர் வந்துகொண்டே இருக்கும், பார்க்க ஆள் இருக்காது. இரண்டாம் தாளில் எட்டு நிமிடத்துக்குள் யாரும் 'ஏற்றேன்' அழுத்தாவிட்டால் கடைக்காரருக்கு எஸ்எம்எஸ், பதினைந்து நிமிடத்தில் ஆர்டர் வாங்குவது தானாக நிற்கும் என்று இருந்தது. முதல் தாளில் ஒன்றும் இல்லை.

டெலிவரியில் இருவரும் ஆளுக்கு ஒரு வழி. முதல் தாள் கடையை மையமாக வைத்து ஐந்து கிலோமீட்டர் வட்டம் போடுகிறது. சாட்ஸ்வர்த் இரண்டு ஆறுகளுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஊர். வட்டத்தின் தெற்கு ஓரம் ஆற்றைத் தாண்டி உம்லாசிக்குள் போய் விழும். வரைபடத்தில் பக்கம், ரோட்டில் சுற்று. இரண்டாம் தாள் பகுதிப் பெயர்களைப் பட்டியலாக வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி டெலிவரிக் கட்டணம் போடுகிறது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

இரண்டாம் தாளின் மிச்ச 'சேராதவை' எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை: உணவுப் படம் எடுப்பது, மெனுவைத் தட்டி ஏற்றுவது, பேஃபாஸ்ட் எடுத்துக்கொள்ளும் கட்டணம், எஸ்எம்எஸ் செலவு. முதல் தாளில் இவை இல்லாததால் 'அடக்கம்' என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். முதல் தாள் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். பதில் வந்தது: படமும் மெனு ஏற்றுவதும் தனி, 6,000 ராண்ட், கட்டணங்கள் கடைக்காரர் பொறுப்பு. பிரிண்டரைப் பற்றி 'வந்து பார்த்துச் சொல்கிறேன்'. 18,500 அப்போதே 24,500 ஆகிவிட்டது, பணம் உறுதியாகும் முறையை இன்னும் தொடவே இல்லை.

வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் தளத்தில் சேரும். தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டப்படி, நம் சார்பில் அதைக் கையாளும் ஆளோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கவேண்டும். இரண்டாம் தாள் அதை இணைத்திருந்தது. வாட் விகிதத்தைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. 2018-இல் 14-லிருந்து 15 சதவீதம் ஆனபோதும், 2025-இல் 15.5 ஆகும் என்று அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் கைவிட்டபோதும் கடைக்காரர்கள் பட்ட பாடு தெரிந்த ஆள் எழுதியது போல.

இரண்டு தாளிலும் விட்டுப்போனது ஒன்று: `.co.za` டொமைன் யார் பெயரில் பதிவாகும்? கட்டுபவர் பெயரில் போட்டுவிட்டால், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் கடையின் முகவரியே அவர் கையில். இதை மட்டும் சேர்க்கச் சொல்லி இரண்டாம் ஆளுக்கு எழுதினோம். அன்றைக்கே சேர்த்து அனுப்பினார். மெனு ஏற்றுவதை அண்ணாச்சியின் மகள் தானே செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். 38 உணவுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தட்டினாள். நடுவில் அப்பாவிடம் மூன்று விலைகளுக்குச் சண்டை போட்டாளாம்.